சீனப் பேராசிரியரிடம் முதுகலை இடம் கேட்டு சீன மொழியில் மின்னஞ்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டால் போதாதா? பேராசிரியருக்குத் தனியாக ஏன் எழுத வேண்டும்?

சீனாவில் முதுகலை என்றால் பெரும்பாலும் ஒரு வழிகாட்டியின் கீழ் சேர்வதுதான். அவரை தாவ்ஷி (导师) என்பார்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பும் ஆய்வகமும் அவரோடு சேர்ந்தே வரும். ஒவ்வொரு தாவ்ஷிக்கும் ஆண்டுக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று கணக்கு உண்டு. அந்த இடத்துக்கு 名额 என்று பெயர். பல பல்கலைக்கழகங்கள் சீன அரசு உதவித்தொகை விண்ணப்பத்தோடு, "இந்த மாணவரை ஏற்கிறேன்" என்று பேராசிரியர் கையெழுத்திட்ட 接收函 என்ற கடிதத்தையும் கேட்கின்றன. அவருக்கு உங்களைத் தெரியாமல் அந்தக் கையெழுத்து கிடைக்காது. ஆகவே முதல் மின்னஞ்சலில் நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இடம் இருக்கிறதா, இருந்தால் என்னைப் பரிசீலிப்பீர்களா. மற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குத் துணையாக வருவதுதான்.

ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டால் என்ன?

நீங்கள் சேரப்போவது ஆங்கில வழிப் படிப்பு என்றால் ஆங்கிலத்தில் எழுதலாம், தவறே இல்லை. சீன வழிப் படிப்பு என்றால் சீனத்தில்தான் எழுத வேண்டும். வகுப்பைத் தாங்குவீர்களா என்பதை அவர் அந்தக் கடிதத்திலேயே பார்த்துவிடுவார்.

ஒன்று மட்டும் கவனம். கடிதத்தின் சீனம் உங்கள் சீனத்தைவிட ரொம்ப உயரத்தில் இருக்கக் கூடாது. பழைய இலக்கிய நடையில் யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தை அனுப்பிவிட்டு, காணொளி நேர்காணலில் ஒரு வாக்கியத்துக்குத் திணறினால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் உங்கள் நிலை என்னவோ அதைக் கடிதத்தில் எழுதுங்கள். சீனம் படித்த ஒருவரிடம் பிழை திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பின்னும் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குப் புரிய வேண்டும்.

அவர் பெயரை ஆங்கிலக் கட்டுரையில்தான் பார்த்தேன். சீன எழுத்தில் எப்படி எழுதுவது?

ஊகித்து எழுதவே கூடாது. `Zhang` என்று பார்த்தால் அது 张 ஆகவும் இருக்கலாம், 章 ஆகவும் இருக்கலாம். `Yu` என்றால் 于, 余, 俞 என்று மூன்று குடும்பப் பெயர்களாவது உண்டு. மூன்றும் வேறு வேறு குடும்பங்கள். பெயர் தப்பான கடிதத்தை அதற்கு மேல் படிக்கச் சொல்லி யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

எது குடும்பப் பெயர் என்பதும் குழப்பும். `Wei Li` என்று ஆங்கிலக் கட்டுரையில் இருந்தால் பெரும்பாலும் `Li` தான் குடும்பப் பெயர், ஆங்கில வழக்கத்துக்காகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஆனால் `Wei` என்றும் குடும்பப் பெயர் இருக்கிறது, திருப்பாமல் போடும் ஆட்களும் உண்டு. துறையின் சீன மொழிப் பக்கத்துக்குப் போய், ஆசிரியர் பட்டியலில் (师资队伍) அதே மின்னஞ்சல் முகவரி யாருடையது என்று பாருங்கள். அங்கிருந்து எழுத்தை அப்படியே எடுங்கள். 欧阳 போன்ற ஈரெழுத்துக் குடும்பப் பெயர் என்றால் இரண்டு எழுத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், முதல் எழுத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

"Dear Professor" என்பதை எப்படிச் சொல்வது? அகராதி 亲爱的 என்கிறதே?

அந்தச் சொல் காதலருக்கும் குழந்தைக்கும் நெருங்கிய தோழிக்கும் போகும் சொல். பேராசிரியருக்கு வேண்டாம். மதிப்புக்குரிய என்ற பொருளில் இப்படி எழுதுங்கள்:

```
尊敬的李教授：
  您好!
```

விளிப்பு வரி இடது ஓரத்தை ஒட்டியே தொடங்கும். கடைசியில் முழு அகல முக்காற்புள்ளி வரும், காற்புள்ளி வராது. அடுத்த வரி இரண்டு எழுத்து இடம் தள்ளித் தொடங்கும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போதே சீனப் பிள்ளைகளுக்கு இது பழகிவிடும். அதனால் அமைப்பு பிசகினால் சட்டென்று கண்ணில் படும்.

பதவியோடு குடும்பப் பெயர் மட்டும் போதும். இணைப் பேராசிரியர் (副教授) ஆனாலும் விளிக்கும்போது 副 என்ற எழுத்தை விட்டுவிட்டு 教授 என்றே சொல்வது மரியாதை. பதவி உறுதியாகத் தெரியாவிட்டால் 李老师 என்று எழுதுங்கள். லாவ்ஷி என்பது நம் ஊர் "சார்", "மேடம்" இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் மாதிரி. ஆணா பெண்ணா என்று தேடவும் வேண்டியதில்லை.

அப்புறம், கடிதம் முழுக்க "நின்" (您) தான், "நி" (你) ஒரு இடத்தில்கூட வரக் கூடாது. நம்முடைய நீங்களும் நீயும் போலத்தான் இது. பத்து இடத்தில் நீங்கள் என்று எழுதிவிட்டுப் பதினோராவது இடத்தில் நீ என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அனுப்பும் முன் 你 என்ற எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

பொருள் வரியில் என்ன போடுவது?

அதைப் படித்ததுமே எந்த ஆண்டு, என்ன படிப்பு, எந்தத் தலைப்பு, எந்த நாடு, யார் என்பது தெரிந்துவிட வேண்டும்.

```
2026年秋季硕士申请-环境工程-印染废水-印度-姓名
```

கடைசியில் உள்ள 姓名 இடத்தில் உங்கள் பெயர். 您好 என்று மட்டும் போட்டாலோ, வெறுமையாக விட்டாலோ, விளம்பர அஞ்சல்களோடு சேர்ந்து போய்விடும்.

உள்ளே எவ்வளவு எழுதலாம்? என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

ஒரு திரை அளவுக்குள் முடியட்டும். சீன எழுத்தில் 300 முதல் 500 வரை. எல்லாவற்றையும் சொல்ல இணைப்பில் சுயவிவரம் இருக்கிறது. கடிதத்தின் உயிர் இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது: நீங்கள் செய்த ஒரு வேலை, அது அவருடைய வேலையோடு எந்த இடத்தில் தொட்டுக்கொள்கிறது என்பது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். திருப்பூர் பக்கம் ஒரு மாணவி, வேதிப் பொறியியல் முடித்தவர், எச்எஸ்கே ஐந்து. சாயக்கழிவு நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரிப்பதைப் பற்றி மேற்கொண்டு படிக்க ஆசை. நொய்யல் கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து, அந்த ஊரில் கழிவுநீரைச் சொட்டு விடாமல் மறுசுழற்சி செய்வது ஆலைகளின் உயிர்ப் பிரச்சினை. அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

```
我从小就对环境保护充满热情,贵校世界闻名,
您是著名的专家,我非常想成为您的学生。
```

"சிறு வயது முதலே சுற்றுச்சூழலில் ஆர்வம், உங்கள் பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றது, நீங்கள் புகழ்பெற்ற வல்லுநர், உங்கள் மாணவியாக மிகவும் விரும்புகிறேன்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதைப் படிக்கும் பேராசிரியருக்கும் அது தெரியும். திருத்திய கடிதத்தில் முதல் பத்தி இப்படி ஆனது:

```
  我来自印度泰米尔纳德邦,2025年本科毕业于化学工程
专业,HSK五级。冒昧来信,是想申请2026年秋季入学的
硕士研究生,希望能在您的指导下学习。
```

யார், எங்கிருந்து, என்ன படித்தார், எதற்கு எழுதுகிறார் என்பதெல்லாம் இரண்டே வாக்கியத்தில் வந்துவிட்டது. 冒昧 என்ற சொல் "அறிமுகம் இல்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளைத் தருகிறது. ஒரு தடவை போதும். அடுத்தது அவர் செய்த வேலை:

```
  毕业设计中,我跟踪了一家印染厂的反渗透装置。三个月
内膜的产水量下降了约三成,清洗后只恢复了一部分。
```

"ஒரு சாய ஆலையின் எதிர்ச் சவ்வூடு பரவல் அமைப்பை மூன்று மாதம் கவனித்தேன். சவ்வு தரும் நீரின் அளவு ஏறக்குறைய மூன்று பங்கு, அதாவது பத்தில் மூன்று, குறைந்தது. கழுவிய பிறகும் கொஞ்சம்தான் மீண்டது." ஆர்வம் என்ற சொல்லே இங்கே இல்லை, ஆனால் ஆலைக்குள் போய் நின்று அளந்தவர் என்பது தெரிகிறது. இதற்கு அடுத்த பத்திதான் எல்லாவற்றிலும் முக்கியம்:

```
  近日拜读了您关于膜有机污染的论文,其中对钙离子作用
的分析,正好对应我的一个疑问:为什么进水硬度较高的
那几周,产水量下降得最快。
```

நீரில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) கூடினால், அது கரிமப் பொருள்களை ஒன்றோடொன்றும் சவ்வோடும் பிணைக்கிறது. அழுக்குப் படலம் இறுகிவிடுகிறது. பேராசிரியரின் கட்டுரை அதைப் பேசுகிறது, மாணவியின் அளவீட்டில் கடின நீர் வந்த வாரங்களில்தான் சவ்வு வேகமாக அடைத்தது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இந்த வரியை வேறு எந்தப் பேராசிரியருக்கும் வெட்டி ஒட்ட முடியாது. 拜读 (பைது) என்பது பெரியவர்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன் என்று சொல்லும் சொல். அவர் எழுதியதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், நீங்கள் எழுதியதைப் பற்றிச் சொல்லும்போது தப்பித் தவறியும் வரக் கூடாது. கட்டுரைத் தலைப்பைச் சீனத்தில் குறிப்பிட்டால் மேற்கோள் குறிக்குப் பதிலாக 《 》 போடுங்கள்.

கட்டுரையைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்து இந்தப் பத்தியை எழுத முடியாது. ஒரு பேராசிரியருக்கு இரண்டு கட்டுரையாவது படித்தாக வேண்டும். நேரம் பிடிக்கும்தான், வேறு வழி இல்லை.

இடம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமா?

நேரடியாகவே கேளுங்கள், வாக்கியத்தை மட்டும் மென்மையாக்குங்கள். 我要你当我的导师 என்றால் "நீ எனக்கு வழிகாட்டியாக இருக்கணும்" என்பது போல அதிகாரமாக ஒலிக்கும். 不知…是否 என்ற அமைப்புதான் இங்கே சரி. நம் "உண்டா என்று தெரிந்துகொள்ளலாமா" என்பதற்கு ஒப்பானது.

```
  不知您2026年是否还有硕士留学生的招生名额?如蒙考虑,
我可随时参加线上面试。附件是我的简历、成绩单和毕业
设计摘要,恳请您审阅。百忙之中打扰,深表歉意。
```

மரியாதை போதாதோ என்று பயந்து இதையே சுற்றி வளைத்து மூன்று பத்தி எழுதுகிறவர்கள் நிறைய. கடைசியில் கேள்வியே காணாமல் போய்விடுகிறது. அவருக்குப் பதில் எழுத ஒரு கேள்வி வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று.

உதவித்தொகை கிடைக்குமா, விடுதி எப்படி, மாதம் எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் முதல் கடிதத்தில் வேண்டாம். சீன அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அதை மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள். அவர் தன் திட்டப் பணத்திலிருந்து உங்களுக்குத் தர வேண்டியதில்லை என்பது அதிலிருந்து அவருக்குப் புரிந்துவிடும்.

முடிவில் என்ன எழுதுவது?

பல்கலைக்கழகக் கடிதத்துக்கு என்றும் பொருந்துவது இது:

```
  此致
敬礼!

                    姓名
              2025年11月10日
```

முதல் சொல் இரண்டு எழுத்து தள்ளித் தொடங்கும், அதற்குப் பின் நிறுத்தக்குறி எதுவும் இல்லை. அடுத்த வரியில் உள்ள வணக்கம் இடது ஓரத்தை ஒட்டி வரும், வியப்புக்குறியோடு. இடம் மாறிப் போவது அடிக்கடி நடக்கிற தவறு. பெயரும் தேதியும் வலப்பக்கம். தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். அஞ்சல் பெட்டி வலப்பக்கம் தள்ள விடவில்லை என்றால் இடப்பக்கமே இருக்கட்டும், இடைவெளியைத் தட்டித் தட்டித் தள்ளினால் அவர் கைபேசியில் வரி உடைந்து தெரியும்.

எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயரே கிடையாது. கையெழுத்தில் எதைப் போடுவது?

கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர், எழுத்துக்கு எழுத்து. பின்னால் விண்ணப்பத்திலும் ஏற்புக் கடிதத்திலும் அதே பெயர்தான் வரப்போகிறது, ஓர் எழுத்து மாறினாலும் ஆவணங்கள் ஒத்துப்போகாது. சீனப் பெயர் வைத்திருந்தால் அதை முதலில் எழுதி, கடவுச்சீட்டுப் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு உங்களை அப்பா பெயரால் அழைப்பார். சீனப் பெயர் ஒன்று இருந்தால் அந்தச் சிக்கல் வராது, அவருக்கும் நினைவில் வைக்க எளிது.

இணைப்புகளை கூகுள் டிரைவ் சுட்டியாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். சீனாவுக்குள் கூகுள் சேவைகள் திறக்காது. சுட்டியைத் தட்டிப் பார்த்து, திறக்கவில்லை என்றால் உங்களைக் கேட்டு எழுதும் அளவுக்கு அவருக்கு நேரம் இருக்காது. சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், ஆய்வுச் சுருக்கம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி நேரடியாக இணையுங்கள்.

```
硕士申请材料_姓名.pdf
```

கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். "resume final 2" என்று வரும் கோப்பை அவர் பதிவிறக்கிய பின் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். சீனச் சுயவிவரத்தில் கடவுச்சீட்டு அளவு புகைப்படம் வைப்பது வழக்கம்.

எப்போது அனுப்பினால் நல்லது?

செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. அக்டோபர் முதல் வாரம் தேசிய நாள் விடுமுறை, ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வசந்த விழா. அந்த நாள்களில் அனுப்பினால் உங்கள் கடிதம் அடியில் போய்விடும். பெய்ஜிங் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அவர் காலை எட்டு மணிக்கு அஞ்சலைத் திறக்கும்போது உங்கள் கடிதம் மேலே இருக்க வேண்டும் என்றால் இங்கே காலை ஐந்தரைக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அந்த நேரத்துக்குப் போகும்படி அமைத்துவிட்டுத் தூங்கலாம். திங்கள் தவிர்த்து வேறு வேலை நாள் என்றால் இன்னும் நல்லது, வார இறுதி அஞ்சல் குவிந்திருக்காது.

ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒன்றாக அனுப்பலாமா?

அவர்கள் ஒரே மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கு அதே கடிதம் வந்தால் மதிய உணவில் அது தெரிந்துவிடும், அதற்குப் பிறகு இருவருமே எடுக்க மாட்டார்கள். ஒரு துறையில் ஒருவருக்கு எழுதி, முடிவு தெரிந்த பின் அடுத்தவர். வேறு வேறு பல்கலைக்கழகங்களுக்கு ஒரே சமயத்தில் எழுதுவதில் தவறில்லை.

பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டும்போது, ஒட்டிய இரண்டு எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலோ சாம்பல் பின்னணியோடோ நிற்கும். உங்களுக்குத் திரையில் தெரியாது, அவருக்குத் தெரியும். எழுத்து வடிவத்தை முழுக்க நீக்கிவிட்டு, முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக் கைபேசியில் திறந்து பாருங்கள்.

"欢迎报考" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டதா?

இல்லை. "விண்ணப்பியுங்கள், வரவேற்கிறேன்" என்ற மரியாதைப் பதில் அது. மறுக்கவும் இல்லை, வாக்குத் தரவும் இல்லை. சீன மாணவர்களே அதைப் பொதுப் பதில் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நன்றி சொல்லிவிட்டு, ஏற்புக் கடிதம் தர இயலுமா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்கலாம். 名额已满 என்றால் இடம் நிரம்பிவிட்டது, அங்கே இனி வற்புறுத்த வேண்டாம். நல்ல அறிகுறி எப்படி வரும் என்றால், அவர் உங்களிடம் எதையாவது கேட்பார்: மதிப்பெண் பட்டியல், ஆய்வறிக்கை, நேர்காணலுக்கு நேரம். சில சமயம் இப்படி:

```
方便的话,加我微信详聊。
```

"வசதி இருந்தால் என் வீசாட்டில் சேருங்கள், விரிவாகப் பேசுவோம்." அன்றைக்கே சேருங்கள். சேர்க்கும் வேண்டுகோளில் பெயரும் "முதுகலை விண்ணப்பம்" என்பதும் இருக்கட்டும்.

பதிலே வரவில்லை. இன்னொரு தடவை எழுதலாமா?

பத்து நாள் பொறுங்கள். அப்புறம் புதிதாகத் தொடங்காமல், பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள், பழைய கடிதம் கீழே இருக்கும்.

```
李教授:
  您好!11月10日我曾发邮件申请硕士,不知您是否收到。
再次打扰,恳请见谅。
```

இதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது வேண்டாம். அதே துறையில் அடுத்த பேராசிரியரின் கட்டுரையை எடுத்துப் படிக்கத் தொடங்கலாம். இடம் இல்லை என்று பதில் வந்தால் அதற்கும் இரண்டு வரி நன்றி எழுதுங்கள்: 感谢您在百忙之中回复,祝您工作顺利!

தைவானுக்கும் இதே கடிதம் போதுமா?

அப்படியே போகாது. அங்கே பழைய, விரிவான எழுத்து வடிவம். எளிய வடிவ எழுத்தை மாற்றாமல் அனுப்பினால் பிரதான சீனாவுக்கு எழுதியதை இங்கே ஒட்டிவிட்டார் என்று உடனே தெரிந்துவிடும். முடிவு வரியும் வேறு:

```
敬祝 教安
學生 姓名 敬上
```

கையெழுத்தில் "மாணவர்" என்று தன்னைச் சொல்லி, பெயருக்குப் பின் 敬上 போடுவது அங்கே இயல்பு. நடுவில் உள்ள இரண்டு பத்திகள், அதாவது உங்கள் அளவீடும் அவருடைய கட்டுரையும் சந்திக்கும் இடம், எழுத்து வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அங்கேயும் அப்படியே இருக்கலாம். கட்டுரை மட்டும் அந்தப் பேராசிரியருடையதாக இருக்க வேண்டும்.